7,600 ரூபாய் டிவிடெண்ட், வங்கியில் 6,360: மீதி எங்கே?

2025 ஜனவரியில் டிசிஎஸ் நிறுவனம் அறிவித்த டிவிடெண்ட் பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. மூன்றாவது இடைக்கால டிவிடெண்டாகப் பங்குக்கு 10 ரூபாய், சிறப்பு டிவிடெண்டாக 66 ரூபாய், ஆக 76 ரூபாய். பிப்ரவரி தொடக்கத்தில் பணம் கணக்குகளில் ஏறியது. 100 பங்கு வைத்திருக்கும் ஒருவர் 7,600 ரூபாய் வரும் என்று நினைத்திருப்பார். டிடிஎஸ் பத்து சதவீதம் போகும் என்று அறிந்தவராக இருந்தால் 6,840 என்று மனக்கணக்குப் போட்டிருப்பார். பாஸ்புக்கில் 6,360 என்று விழுந்திருந்தால் அவருக்குக் குழப்பம்தான். யாரும் தப்புச் செய்யவில்லை, கணக்கும் சரிதான். ஆனால் இந்த 6,360-ஐ அப்படியே டிவிடெண்ட் வருமானம் என்று எழுதிவிட்டால் அங்கேதான் தப்பு தொடங்குகிறது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1997-ல் டிவிடெண்ட் விநியோக வரி என்ற ஒன்று வந்தது. நடுவில் ஓராண்டு நீங்கியது, மற்றபடி 2020 மார்ச் வரை நீடித்தது. டிவிடெண்ட் கொடுக்கும் கம்பெனியே அதன்மேல் வரி கட்டிவிடும். வாங்குகிறவர் கையில் பெரும்பாலும் வரி கிடையாது. அந்தக் காலத்தில் வங்கியில் வந்த தொகையும் டிவிடெண்டும் ஒன்றே. பாஸ்புக்கைப் பார்த்து எழுதினால் போதும். 2020 ஏப்ரல் 1 முதல் அந்த வரி ஒழிந்தது. டிவிடெண்ட் முழுவதும் பங்குதாரரின் வருமானம் ஆனது, அவரவர் வரி விகிதப்படி அதற்கு வரி. கம்பெனியின் வேலை, பணம் அனுப்புவதற்கு முன் ஒரு பகுதியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது மட்டும். சட்டம் மாறிய பிறகும் பலர் பாஸ்புக்கைப் பார்த்து எழுதும் வழக்கத்தை விடவில்லை.

இனி அந்த 6,360-க்கு வருவோம். 2024-25 நிதியாண்டு முழுவதும் அதே 100 பங்கை வைத்திருந்த ஒருவரை வைத்துக்கொள்வோம். ஓய்வூதியம் வாங்கும் ஒரு பெண்மணி என்று இருக்கட்டும். 2024 மே 31 அன்று நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் முந்தைய ஆண்டின் இறுதி டிவிடெண்டாகப் பங்குக்கு 28 ரூபாய் ஒப்புதல் பெற்றது, அவருக்கு 2,800. ஆகஸ்டில் முதல் இடைக்கால டிவிடெண்ட் 10 ரூபாய், 1,000. நவம்பரில் இன்னொரு 10 ரூபாய், மேலும் 1,000. மூன்றும் சேர்ந்து 4,800.

அந்த ஆண்டில் தனிநபருக்கு ஒரு கம்பெனியிலிருந்து நிதியாண்டு முழுவதும் வரும் டிவிடெண்ட் 5,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் டிடிஎஸ் இல்லை. 4,800 அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிறது. எனவே மூன்று தடவையும் முழுத்தொகை வந்தது என்று கொள்வோம். பிப்ரவரியில் 7,600 வரும்போது ஆண்டின் மொத்தம் 12,400 ஆகிவிடுகிறது. வரம்பு தாண்டியாயிற்று. வரம்புக்கு மேல் உள்ள 7,400-க்கு மட்டும் பிடிப்பது வழக்கமில்லை. மொத்தம் 12,400-க்கும் பத்து சதவீதம், அதாவது 1,240 பிடிக்க வேண்டும். முன்பு கொடுத்த 4,800-ல் எதுவும் பிடிக்காததால் அதற்குரிய 480-ம் இந்தக் கடைசித் தவணையிலேயே கழிகிறது. 7,600-ல் 1,240 போக மீதி 6,360.

எல்லாக் கம்பெனிகளும் இப்படியே செய்யும் என்று சொல்லிவிட முடியாது. அந்த ஆண்டில் கொடுக்கப்போகும் டிவிடெண்ட் வரம்பைத் தாண்டும் என்று எதிர்பார்த்தால் முதல் தவணையிலேயே பிடிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆகவே ஒரே அளவு டிவிடெண்ட் தரும் இரண்டு கம்பெனிகளிலிருந்து வெவ்வேறு தேதியில் வெவ்வேறு தொகை பிடிபட்டு வருவது சாதாரணம். ஆண்டு முடிவில் இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும். 2025 ஏப்ரல் முதல் இந்த வரம்பு 5,000-லிருந்து 10,000 ஆகிவிட்டது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம். வரம்பு தனிநபர்களுக்கு மட்டும்தான். இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பெயரிலோ ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் பெயரிலோ பங்கு இருந்தால் முதல் ரூபாயிலிருந்தே பிடித்தம்.

இப்போது கணக்கில் எழுதுவது. முதல் மூன்று தவணைகளுக்குச் சிக்கல் இல்லை. வங்கிக் கணக்கில் பற்று, டிவிடெண்ட் வருமானத்தில் வரவு, தொகை வந்தது வந்தபடி. நான்காவது தவணைக்கு மட்டும் மூன்று வரி வேண்டும்:

வங்கிக் கணக்கு – பற்று 6,360
வரவேண்டிய டிடிஎஸ் கணக்கு – பற்று 1,240
டிவிடெண்ட் வருமானக் கணக்கு – வரவு 7,600

வருமானம் 7,600 என்றே நிற்கிறது. அதில் ஒரு பகுதி பணமாக வங்கிக்கு வந்தது, இன்னொரு பகுதி அவர் பெயரில் அரசிடம் போய்ச் சேர்ந்தது. இரண்டும் அவருடைய சொத்துதான். பிடித்த 1,240-ல் 480 பழைய தவணைகளுக்கு உரியதாயிற்றே, அவற்றின் பதிவைத் திருத்த வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டியதில்லை. பழைய தவணைகளின் வருமானம் ஏற்கெனவே முழுத்தொகையாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. பிடித்தம் நடந்தது பிப்ரவரியில், அதனால் பதிவும் பிப்ரவரியில். ஆண்டு இறுதியில் டிவிடெண்ட் வருமானக் கணக்கைக் கூட்டினால் 2,800, 1,000, 1,000, 7,600 சேர்ந்து 12,400. வரவேண்டிய டிடிஎஸ் 1,240. வங்கிக்கு வந்தது மொத்தம் 11,160.

டாலி வைத்திருப்பவர்கள் இதை ரசீது வவுச்சரிலேயே போட்டுவிடலாம். டிவிடெண்ட் லெட்ஜரை மறைமுக வருமானத்தின் கீழும், வரவேண்டிய டிடிஎஸ் லெட்ஜரை நடப்புச் சொத்துகளின் கீழும் திறக்க வேண்டும். இந்த இரண்டாவது லெட்ஜரைச் செலவுகளின் கீழ் திறந்துவிடுவது நிறைய இடங்களில் கண்ணில் படும் பிழை. அப்படிச் செய்தால் 1,240 செலவாகக் கழிந்துவிடும். லாபம் அந்த அளவு குறைந்து, அரசிடமிருந்து திரும்பப் பெற வேண்டிய தொகை கணக்கிலிருந்தே காணாமல் போகும். வருமான வரி என்பது வருமானம் ஈட்ட ஆன செலவு அல்ல. முன்கூட்டியே கட்டிய வரி அது.

இங்கே ஒரு குறுக்கு வழியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். வங்கியில் வந்த தொகையை 0.9 ஆல் வகுத்தால் மொத்த டிவிடெண்ட் கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பத்து சதவீதம் அந்தந்தத் தவணையிலேயே பிடிபட்டிருந்தால் அது சரிப்படும். நம் கதையில் 6,360-ஐ 0.9 ஆல் வகுத்தால் 7,066 ரூபாய் 67 காசு வருகிறது. 100 பங்குக்கு இப்படி ஒரு டிவிடெண்ட் வரவே வழியில்லை, பங்குக்கு 70 ரூபாய் 67 காசு என்று யாரும் அறிவிக்கவில்லையே! பதிவுத் தேதியன்று டீமேட்டில் எத்தனை பங்கு இருந்தது, பங்குக்கு எவ்வளவு அறிவித்தார்கள், இரண்டையும் பெருக்குங்கள். அதிலிருந்து வங்கியில் வந்ததைக் கழியுங்கள். மீதிதான் டிடிஎஸ். இந்தத் திசையில் போனால் தவறே நேராது. பின்னிருந்து முன்னே போகும்போதுதான் வழுக்குகிறது.

முழுத்தொகையைத்தான் வருமானமாகக் காட்ட வேண்டும் என்பது கணக்கர்களின் ஆசாரம் மட்டுமல்ல. 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 198-ம் பிரிவு, பிடிக்கப்பட்ட வரியும் அந்த நபர் பெற்ற வருமானமாகவே கருதப்படும் என்கிறது. அடுத்த 199-ம் பிரிவு அந்தத் தொகையை அவர் சார்பில் கட்டிய வரியாக ஏற்கிறது. இந்த இரண்டு பிரிவுகளும் ஒன்றைவிட்டு ஒன்று இயங்காது. 1,240-ஐ வருமானத்தில் சேர்த்தால்தான் அதைக் கட்டிய வரியாகக் கேட்கும் உரிமை. (2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்ததால் பிரிவு எண்கள் மாறிவிட்டன. இங்கே சொல்லும் எண்கள் எல்லாம் 2024-25 ஆண்டுக்குப் பொருந்திய பழைய சட்டத்தினுடையவை.)

நிகரத் தொகையை மட்டும் எழுதினால் எவ்வளவு நஷ்டம், யாருக்கு நஷ்டம்? வருமானத்தின் மேல் பகுதி 30 சதவீத விகிதத்தில் விழும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 12,400-க்கு வரியும் நான்கு சதவீத செஸ்ஸும் சேர்த்து 3,868 ரூபாய் 80 காசு. ஏற்கெனவே 1,240 பிடித்திருக்கிறார்கள்; இன்னும் கட்ட வேண்டியது 2,628 ரூபாய் 80 காசு. அவர் 11,160 என்று எழுதிவிட்டு 1,240 டிடிஎஸ்ஸையும் கேட்டால் வரி 386 ரூபாய் 88 காசு குறைகிறது. தொகை சிறியதுதான். ஆனால் வரித்துறையின் கணினி சிறியது பெரியது பார்ப்பதில்லை. பிடித்தத்துக்கு வரவு கேட்கிறீர்கள், அதற்குரிய மொத்த வருமானத்தைக் காட்டவில்லை என்று ரிட்டர்னைக் குறையுள்ளதாக அறிவித்து 139(9) பிரிவின் கீழ் நோட்டீஸ் வரக்கூடும்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. நிகரத் தொகையை எழுதிவிட்டு டிடிஎஸ்ஸை மறந்தே போவது. அப்போது அரசிடம் நிற்கும் 1,240-ஐக் கேட்பதற்கு ஆளில்லை. ‘பத்து சதவீதம் பிடித்துவிட்டார்களே, அதோடு வரி முடிந்தது’ என்று நினைத்து டிவிடெண்டை ரிட்டர்னில் காட்டாமலே விடுகிறவர்களும் இருக்கிறார்கள். மேலே பார்த்த 30 சதவீதக்காரருக்கு அது 2,628 ரூபாய் பாக்கி. பிடித்தம் என்பது இறுதி வரி அல்ல, முன்பணம்தான். அதேபோல டிடிஎஸ் பிடிக்காத டிவிடெண்டுக்கு வரி இல்லை என்பதும் தப்பெண்ணம். வேறொரு கம்பெனியிலிருந்து வந்த 900 ரூபாய் டிவிடெண்டும் வருமானம்தான். டிடிஎஸ் வரம்பு கம்பெனிக்கு விதித்த விதி. பங்குதாரரின் வரிவிலக்கு அல்ல.

எழுதியதைச் சரிபார்க்க இரண்டு ஆவணங்கள் இருக்கின்றன. ஒன்று 26ஏஎஸ், உங்கள் பான் எண்ணில் யார் எவ்வளவு வரி பிடித்துக் கட்டினார்கள் என்ற விவரம் அதில் இருக்கும். டிவிடெண்ட் வரிகளின் பக்கத்தில் பிரிவு 194 என்று காணலாம். மற்றொன்று ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கை. டிடிஎஸ் பிடிக்காத சின்னச் சின்ன டிவிடெண்டுகளும் இதில் தலைகாட்டும். 26ஏஎஸ்-ல் தொகை எப்படிப் பிரிந்து நின்றாலும் கம்பெனிவாரியாக மொத்த டிவிடெண்டும் மொத்த டிடிஎஸ்ஸும் நம் லெட்ஜரோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால் போதும்.

எப்போது பார்க்க வேண்டும் என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த வரிக்கான காலாண்டு அறிக்கையைக் கம்பெனி மே 31-க்குள் தாக்கல் செய்தால் போதும். படிவம் 16ஏ எனும் சான்றிதழ் அதன்பின் பதினைந்து நாளில் வர வேண்டும். பிப்ரவரியில் பிடித்த 1,240 ஏப்ரலில் 26ஏஎஸ்-ல் இல்லை என்றால் பதறத் தேவையில்லை, இன்னும் அறிக்கையே போகவில்லை. ஏப்ரல் முதல் வாரத்திலேயே ரிட்டர்ன் போட்டு முடிக்கும் சுறுசுறுப்பு இந்த ஒரு விஷயத்தில் உதவாது. ஜூன் பாதிக்கு மேலும் வரவில்லை என்றால்தான் விசாரிக்க வேண்டும்.

அப்படி வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் பான் எண்தான். டீமேட்டில் பான் பதிவாகாமலோ, ஆதாரோடு இணைக்காததால் செயலிழந்தோ இருந்தால் பிடித்தம் 10 அல்ல, 20 சதவீதம். நம் பெண்மணிக்கு அப்படி நேர்ந்திருந்தால் 2,480 ரூபாய் போயிருக்கும், கடைசித் தவணையில் கைக்கு வந்தது 5,120 ஆக இருந்திருக்கும். பெருக்கிக் கழித்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு இது உடனே கண்ணில் படும். பான் எண் தவறாகப் போயிருந்தால் கம்பெனி தன் காலாண்டு அறிக்கையைத் திருத்தித் தாக்கல் செய்தால்தான் அந்தத் தொகை உரியவர் பெயருக்கு வரும். அதற்குக் கம்பெனியின் பங்குப் பதிவாளருக்கு எழுத வேண்டும், வரித்துறைக்கு அல்ல.

கூட்டுப் பெயரில் உள்ள பங்குகள் தனிக்கதை. பணம் போட்டவர் மனைவி, டீமேட்டில் முதல் பெயர் கணவர் என்றால் டிடிஎஸ் கணவரின் பானில் ஏறும். வருமானமோ சட்டப்படி மனைவியுடையது. வருமானம் ஒருவர் ரிட்டர்னில், டிடிஎஸ் இன்னொருவர் ரிட்டர்னில் என்று போனால் இரண்டு பக்கமும் இடிக்கும். வருமான வரி விதி 37பிஏ இதற்கு வழி சொல்கிறது: முதல் பெயருக்கு உரியவர் கம்பெனிக்கு ஓர் உறுதிமொழி கொடுத்தால், டிடிஎஸ்ஸை வருமானத்துக்கு உரியவரின் பானிலேயே பதியலாம். டிவிடெண்ட் வழங்குவதற்கு முன்பே கம்பெனிகள் பங்குதாரர்களுக்கு அனுப்பும் வரிப்பிடித்த மின்னஞ்சலில் இதற்கான கெடு தேதி இருக்கும். பலர் படிக்காமலே அழித்துவிடும் மின்னஞ்சல் அது.

அதே மின்னஞ்சலில்தான் 15ஜி, 15ஹெச் பற்றியும் எழுதியிருப்பார்கள். ஆண்டு வருமானத்துக்கு வரியே வராது என்று தெரிந்த மூத்த குடிமக்கள் 15ஹெச் கொடுத்தால் கம்பெனி பிடிக்காது. அறுபது வயதுக்குக் கீழே உள்ளவருக்கு 15ஜி, அதற்கு நிபந்தனை இன்னும் கொஞ்சம் இறுக்கம். வங்கியில் டெபாசிட்டுக்குக் கொடுத்த 15ஹெச் டிவிடெண்டுக்கு உதவாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனியாக, ஒவ்வோர் ஆண்டும் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் கணக்கில் டிடிஎஸ் வரி இருக்காது. டிவிடெண்ட் வருமானம் மட்டும் அதே 12,400 ஆகத்தான் இருக்கும்.

ரிட்டர்னில் டிவிடெண்டைப் பிற வருமானத்தின் கீழ் மொத்தத் தொகையாகக் காட்டி, அதை ஐந்து காலப்பகுதிகளாகப் பிரித்தும் தர வேண்டும். ஜூன் 15 வரை, அங்கிருந்து செப்டம்பர் 15 வரை, டிசம்பர் 15 வரை, மார்ச் 15 வரை, கடைசியாக மார்ச் 31 வரை. எப்போது வரும் என்று தெரியாத வருமானத்துக்கு முன்கூட்டியே அட்வான்ஸ் டாக்ஸ் கட்டவில்லை என்று வட்டி போடாமல் இருக்கத்தான் இந்தப் பிரிப்பு. நம் உதாரணத்தில் நான்கு தவணையும் ஒழுங்காக ஒவ்வொரு கட்டத்தில் விழுகின்றன: 2,800, 1,000, 1,000, 7,600, கடைசிக் கட்டம் காலி. நான்காவதில் 6,360 என்று எழுதினால் இங்கேயும் கூட்டல் உதைக்கும்.

கடைசியாக, வரவேண்டிய டிடிஎஸ் என்று திறந்த கணக்கை மூட வேண்டும். மார்ச் 31 அன்று அது 1,240 பற்று இருப்போடு சொத்துப் பக்கத்தில் நிற்கும். ரிட்டர்ன் போட்ட பிறகு அதற்கு இரண்டு வழி. வரி கட்ட வேண்டியவருக்கு அந்த 1,240 அவருடைய வரிக்கே ஈடாகும். வருமான வரிக் கணக்கில் பற்று, வரவேண்டிய டிடிஎஸ் கணக்கில் வரவு. தனிநபர் தன் தொழிலுக்கு வைத்திருக்கும் புத்தகமாக இருந்தால் அந்தப் பற்று முதல் கணக்குக்குப் போகும், ஏனென்றால் அவருடைய சொந்த வரி தொழிலின் செலவு அல்ல. வரியே வராதவருக்கு முழுத்தொகையும் ரீஃபண்டாக வரும். அப்போது வங்கியில் பற்று 1,240, வரவேண்டிய டிடிஎஸ்ஸில் வரவு 1,240.

நம் பெண்மணியின் மொத்த வருமானம் ஓய்வூதியமும் டிவிடெண்டும் சேர்ந்து வரி வராத அளவுக்குள் இருந்தால் அவர் இரண்டாவது வகை. உரிய காலத்தில் ரிட்டர்ன் போட்டிருந்தால் ஏப்ரல் 1 முதல் மாதத்துக்கு அரை சதவீதம் வட்டியும் சேர்ந்து வரும். ஆகஸ்டில் ரீஃபண்ட் வந்தால் ஐந்து மாதத்துக்கு ஏறத்தாழ 30 ரூபாய். வங்கியில் 1,270 விழுந்திருக்கும். அதை முழுவதும் டிடிஎஸ் கணக்கில் வரவு வைத்தால் அந்தக் கணக்கு 30 ரூபாய் எதிர்ப்பக்கம் போய் நிற்கும். 1,240 டிடிஎஸ் கணக்குக்கு, 30 ரூபாய் ரீஃபண்ட் வட்டி வருமானத்துக்கு என்று பிரித்து எழுத வேண்டும். அந்த 30 ரூபாய் 2025-26 நிதியாண்டின் வருமானம். அடுத்த ரிட்டர்னில் பிற வருமானத்தின் கீழ் காட்ட வேண்டும்.